சத்தம் வராவிட்டால் கூப்பிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாதம் 30ஆம் தேதியோடு நம் நிறுவனத்தின் அன்றாட வேலையிலிருந்து விலகுகிறேன். மதுரையில் அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. இனி அவர் பக்கத்தில் இருக்கவேண்டும். வேறு காரணமோ மனஸ்தாபமோ இல்லை. என்னோடு இதைத் தொடங்கிய அக்கா இங்கேயே இருக்கிறார்.

2019இல் இங்கே டர்பனில், சாட்ஸ்வர்த்தில் அக்கா வீட்டுக் கராஜில் ஆரம்பித்தோம். கடைக் குளிர்பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி. சூடு ஏறினால் கடைக்காரர் போனுக்கு எஸ்எம்எஸ். முதல் கருவியை மாட்டியது ஒரு மீன்கடையில்.

2022 கடைசியில் லோட் ஷெட்டிங் மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரை போனது ஞாபகம் இருக்கும். கரண்ட் வந்து, செல்போன் டவரின் பேட்டரி நிறைவதற்குள் அடுத்த வெட்டு. ஒரு ராத்திரி நம் கருவி சரியாகத்தான் வேலை செய்தது. டவர் படுத்துவிட்டதால் செய்தி போய்ச்சேரவில்லை. காலையில் நான் போனபோது அந்த மீன்கடைப் பெரியவர் மீனையெல்லாம் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "என்ன தம்பி, சத்தமே வரலையே" என்று மட்டும் கேட்டார். அன்று கடையைச் சேர்ந்து கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

அதற்கு வழி சொன்னது நானோ அக்காவோ இல்லை. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் தங்கை. கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லட்டும். மூன்று முறை தொடர்ந்து சொல்லாவிட்டால் நாமே கடைக்காரரைக் கூப்பிடுவோம் என்றார். டவர் இல்லையென்றால் லேண்ட்லைன், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீடு. இன்று நம்மை நம்பி இருக்கிறவர்கள் அந்த ஒரு யோசனையால்தான் நம்புகிறார்கள். தங்கச்சி, உனக்கு நான் அன்று சரியாக நன்றி சொல்லவில்லை. இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்று, மாதக்கணக்கில் வரவே இல்லை. ஊருக்கு நல்லது, நம் கணக்குப் புத்தகத்துக்குக் கஷ்டம். அந்த ஆறு மாதம் சம்பளம் தள்ளிப்போனபோதும் யாரும் விட்டுப் போகவில்லை. உங்கள் வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நான் மறக்கமாட்டேன். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கவேண்டிய கிளினிக்குகளுக்குப் போவோம் என்று முடிவெடுத்ததும் அப்போதுதான். அங்கே கரண்ட் இருந்தாலும் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் ஆபத்து.

இனி கருவிப் பிரிவைத் தம்பி பார்ப்பார். ஒரு வருஷமாகவே அவர்தான் பார்க்கிறார். பெயர்ப்பலகை இப்போதுதான் மாறுகிறது. நான் செய்ததுபோலவே செய்யவேண்டாம், தம்பி. அந்தப் பழைய சர்க்யூட்டை மாற்ற ஆசைப்பட்டாயே, மாற்று.

என்னிடம் ஒரு வேண்டுகோள்தான் உண்டு. நம் ஆட்களில் ஒருவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தால், கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி அவரையும் கூப்பிடுங்கள்.

என் எண் மாறாது. மதுரைக்கும் டர்பனுக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

சரி, சாப்பிட வைத்திருக்கும் பன்னி சாவ் ஆறுகிறது. திங்கட்கிழமை பீனிக்ஸ் கிளினிக்கில் கருவி மாட்டப் போகிறவர்கள், வண்டியில் எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.