பல்மனரி எம்பாலிசமும் V/Q பொருத்தமின்மையும்: விடை விளக்கத்துடன் ஏழு கேள்விகள்

எல்லாக் கணக்குகளும் கடல் மட்டத்துக்கானவை: காற்றழுத்தம் 760, நீராவி அழுத்தம் 47, R = 0.8. அழுத்தங்கள் மி.மீ. பாதரச அளவில். விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொரு எண்ணும் கூடுமா, குறையுமா என்று தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். எண் சரியாக வந்து காரணம் தவறாக இருந்தால் மதிப்பெண் கிடைக்கலாம், வார்டில் அது உதவாது.

கேள்வி 1. இடது நுரையீரல் தமனியைப் பலூன் வைத்து முழுவதும் அடைக்கிறோம். வேறொருவருக்கு இடது மூச்சுக்குழாயை அடைக்கிறோம். இடப்பக்கக் காற்றுப்பைகளில் PO2, PCO2 எந்த மதிப்பை நோக்கிப் போகும்?

விடை. தமனி அடைபட்டால் ஆக்சிஜனை எடுத்துப்போகவும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டுவரவும் ரத்தம் இல்லை. காற்றுப்பை வாயு உள்ளிழுத்த ஈரக்காற்றைப் போலாகும்: PO2 150, PCO2 0 பக்கம். V/Q முடிவிலியை நோக்கிப் போகிறது. இதுதான் டெட் ஸ்பேஸ். மூச்சுக்குழாய் அடைபட்டால் வாயு கலப்புச் சிரை ரத்தத்தோடு சமநிலைக்கு வரும்: PO2 40, PCO2 45. V/Q பூஜ்ஜியம், இது ஷன்ட். அடுத்து வரும் எல்லாமே இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

கேள்வி 2. 46 வயதுப் பெண். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை நடந்து 9-ஆம் நாள், திடீரென மூச்சுத்திணறல். மூச்சு நிமிடத்துக்கு 30, நாடித்துடிப்பு 118, மார்பு எக்ஸ்ரே ஏறக்குறைய இயல்பு. சாதாரணக் காற்றில் pH 7.49, PaCO2 30, PaO2 62, HCO3 22. A-a வித்தியாசம் என்ன?

விடை.

```
PAO2 = 0.21 × (760 − 47) − 30/0.8 = 150 − 37.5 ≈ 112
A-a  = 112 − 62 = 50
```

வயதுக்கு எதிர்பார்ப்பது, வயதை 4-ஆல் வகுத்து 4 கூட்டினால், சுமார் 15. இது மூன்று மடங்குக்கும் மேல். PaO2 62-ஐ மட்டும் பார்த்தால் குறை சிறிதாகத் தெரியும். ஆனால் இந்தப் பெண் வேகவேகமாக மூச்சுவிட்டு PAO2-ஐ 112 வரை உயர்த்திய பிறகும் 62-தான் கிடைத்திருக்கிறது. PaCO2 10 குறைந்ததற்கு HCO3 2 குறைந்திருப்பது புதிதாக வந்த சுவாச ஆல்கலோசிஸுக்குப் பொருந்துகிறது.

சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் PCO2 குறையும், PO2 150-ஐ நோக்கி ஏறும். ஹெப்பாரின் திரவம் அதிகமாக நின்றுவிட்டால் PCO2, HCO3 இரண்டும் பொய்யாகக் குறையும். அரிதல்ல. குமிழியை வெளியேற்றி உடனே மூடி, தாமதிக்காமல் கருவியில் போடுங்கள்.

கேள்வி 3. இந்தப் பெண்ணின் வெளிமூச்சுக் கலவை PECO2 14. டெட் ஸ்பேஸ் விகிதம் எவ்வளவு? டெட் ஸ்பேஸ் கூடியும் PaCO2 ஏன் கூடவில்லை? PaO2 ஏன் குறைந்தது?

விடை.

```
VD/VT = (PaCO2 − PECO2)/PaCO2 = (30 − 14)/30 = 0.53
```

இயல்பு 0.3 அளவில். ஒவ்வொரு மூச்சிலும் பாதிக்கு மேல் வீண். ஆனாலும் மொத்த மூச்சின் அளவு கூடினால் PaCO2 குறையலாம். CO2 உற்பத்தி நிமிடத்துக்கு 200 மி.லி. என்று கொண்டால்:

```
VA = 0.863 × 200/30 ≈ 5.75 லி/நிமிடம்
VE = 5.75/(1 − 0.53) ≈ 12.2 லி/நிமிடம்
```

இயல்பில் சுமார் 6 லிட்டர் போதும். இங்கே அதன் இரட்டிப்பு. PCO2-க்கும் ரத்தத்தில் உள்ள CO2 அளவுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய நேர்கோடு. அதனால் நல்ல பகுதிகளில் கூடுதலாக மூச்சு போனால் அந்த ஈடு பலிக்கும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது கேள்வியின் கடைசிப் பகுதியில்தான். டெட் ஸ்பேஸ் மட்டும் PaO2-ஐக் குறைக்காது. ரத்தமே போகாத காற்றுப்பை ரத்தத்தைக் கெடுக்க முடியாது. குறைவதற்குக் காரணம் அடைப்பின் எதிர்ப்பக்கத்தில். இதயத்தின் முழு ரத்தமும் திறந்திருக்கும் தமனிகளுக்குத் திருப்பப்படுகிறது. அங்கே காற்று அதே விகிதத்தில் கூடுவதில்லை, V/Q இறங்குகிறது. ரத்தக்கட்டியிலுள்ள தட்டணுக்கள் விடும் செரோடோனின் சிறு மூச்சுக்குழல்களைச் சுருக்குகிறது. நேரமாக ஆக, ரத்தம் இழந்த பகுதியில் சர்ஃபாக்டன்ட் குறைந்து காற்றுப்பைகள் சுருங்க, அங்கே மறுபடி ரத்தம் வரும்போது ஷன்ட் உருவாகிறது. நல்ல பகுதிகள் ஏன் இதை ஈடுகட்டுவதில்லை? அவற்றின் ரத்தம் ஏற்கெனவே 97 விழுக்காடு நிறைவு. கூடுதல் மூச்சால் ஓரிரு விழுக்காடுதான் ஏறும்.

கேள்வி 4. இதே அடைப்பு, ஆனால் மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்து வென்டிலேட்டரில் நிமிடத்துக்கு 6.2 லிட்டரில் வைத்திருக்கும் ஒருவருக்கு வந்தால்?

விடை. VA = 6.2 × 0.47 ≈ 2.9 லிட்டர். PaCO2 = 172.6/2.9, சுமார் 59. நோயாளியால் மூச்சைக் கூட்ட முடியாததால் சுவாச அசிடோசிஸ். அதேநேரம் கேப்னோகிராஃபில் EtCO2 சரியும். PaCO2 ஏற EtCO2 இறங்குவதே இங்கு துப்பு. இயல்பில் இரண்டுக்கும் வித்தியாசம் 2 முதல் 5. அறுவை அறையில் EtCO2 திடீரென விழுந்தால் குழாய் கழன்றதா, ரத்த அழுத்தம் சரிந்ததா என்று முதலில் பாருங்கள். அவையில்லாவிட்டால் எம்பாலிசம்.

கேள்வி 5. 100 விழுக்காடு ஆக்சிஜன் 20 நிமிடம் கொடுத்தபின் நம் நோயாளியின் PaO2 480. பக்கத்துக் கட்டிலில் வலது கீழ் மடலில் நிமோனியா உள்ளவருக்கு 70, நிறைவு 93%. இருவருக்கும் ஹீமோகுளோபின் 12, PaCO2 32, SvO2 60%. ஷன்ட் எவ்வளவு?

விடை.

```
PAO2 = 713 − 32 = 681
CcO2 = 12 × 1.34 + 0.003 × 681 = 18.1
CvO2 ≈ 9.75
முதல் நபர்:   CaO2 = 17.5;  (18.1 − 17.5)/(18.1 − 9.75) ≈ 7%
இரண்டாம் நபர்: CaO2 = 15.2;  (18.1 − 15.2)/(18.1 − 9.75) ≈ 35%
```

V/Q குறைந்த காற்றுப்பையிலும் கொஞ்சம் காற்று போகிறது. நைட்ரஜன் வெளியேறிவிட்டால் அங்கும் PO2 ஏறிவிடும். ஷன்டில் ஆக்சிஜன் ரத்தத்தைத் தொடவே வழியில்லை. எம்பாலிசத்தில் 35% வந்தால் சரிந்த மடலையும் திறந்த ஃபோரமென் ஓவேலையும் தேடுங்கள். சுமார் நான்கில் ஒரு வயதுவந்தவருக்கு அந்தத் துளை மூடாமல் இருக்கிறது. வலது ஏட்ரியத்தின் அழுத்தம் ஏறும்போது ரத்தம் அதன் வழியே இடப்பக்கம் பாயும். குமிழி எக்கோவில் தெரியும். அப்போது PEEP-ஐக் கூட்டினால் வலது வென்ட்ரிக்கிளின் சுமையும் ஷன்டும் கூட வாய்ப்புண்டு.

கேள்வி 6. ஷன்ட் 20%-இலேயே நிற்கிறது. இதய வெளியேற்றம் விழுந்து SvO2 70-இலிருந்து 50-க்கு இறங்கினால்?

விடை. தமனி ரத்தம் = 80% நல்ல ரத்தம் + 20% சிரை ரத்தம். ஹீமோகுளோபின் 12, CcO2 16.1 என்றால் CaO2 15.15-இலிருந்து 14.5-க்கு இறங்கும், நிறைவு 93%-இலிருந்து 89%-க்கு. நுரையீரலில் எதுவும் மாறவில்லை. பெரிய எம்பாலிசத்தில் ஆக்சிஜன் மோசமானால் மாஸ்க்கை மாற்றுவதோடு நிற்காதீர்கள், வலது வென்ட்ரிக்கிள் தோற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி 7. PaO2 92, A-a இயல்பு. எம்பாலிசம் இல்லை எனலாமா?

விடை. கூடாது. சிறிய அடைப்பும் நல்ல இருப்புள்ள இளம் நுரையீரலும் சேர்ந்தால் இரண்டும் இயல்பாகவே இருக்கலாம். முடிவு சொல்வது மருத்துவ நிகழ்தகவு, அதற்கேற்ற டி-டைமர் அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம். கேள்வி 2-இன் பெண்ணுக்கு டி-டைமர் அனுப்புவதால் பயனில்லை. சமீபத்திய அறுவை சிகிச்சையாலேயே அது கூடியிருக்கும். நேரே சி.டி.