வாளி நிறையும் சத்தம்

அறிவிப்புப் பலகையில் அன்று காலை புதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடிக் குளியலறையில் இரவு நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணாக்குபவர் யாராக இருந்தாலும் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே வார்டனின் கையெழுத்து. கடைசிக் கோட்டைச் சுழித்த வேகத்தில் தாள் கிழிந்திருந்தது.

அந்தத் தாளின் முன்னால் நின்று அதிகம் சிரித்தது நான்தான். ‘தண்ணீர்த் திருடி’ என்ற பெயரை வைத்ததும் நான்தான். மெஸ்ஸில் காலித் தட்டைப் பூதக்கண்ணாடிபோல் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக விசாரித்தேன். “நேற்றிரவு பதினொரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் துண்டு ஏன் ஈரமாக இருக்கிறது?” ரேவதிக்குப் புரையேறிவிட்டது. ஷாலினி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வார்டனின் குரலில் தீர்ப்பும் சொல்லி முடித்தேன். கூடமே கைதட்டியது.

திருடி நான்தான்.

விடுதி கட்டுகிறவர்கள் படிக்க, தூங்க, சாப்பிட, துணி காயப்போட என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். அழுவதற்கு மட்டும் ஓர் இடம் வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் அறையில் நான்கு பேர். மேல்கட்டிலில் புரண்டால் கீழ்க்கட்டில் விழித்துக்கொள்ளும். மொட்டை மாடிக்குப் பூட்டு. போர்வைக்குள் அழலாம்தான், ஆனால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாரம்தான் உடற்கூறியல் வகுப்பில் படித்திருந்தோம்: கண்ணீர்ச் சுரப்பி கண்ணின் வெளிப்பக்க மேல் ஓரத்தில் இருக்கிறது, கண்ணீர் விழியைக் கழுவிக்கொண்டு உள் ஓரத்துக்கு வந்து, அங்குள்ள நுண்துளைகள் வழியாக மூக்குக்குள் வடிகிறது. வடிகால் கொள்ளாததுதான் கன்னத்தில் வழிகிறது. ஆகவே சத்தமே போடாமல் அழுகிறவளும் மூக்கை உறிஞ்சித்தான் ஆகவேண்டும். பாடம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு குழாய்.

அப்பா தொலைபேசியில் அழைத்தது மூன்று வாரங்களுக்கு முன்பு. அவரும் அம்மாவும் பிரிவது எனக்குப் புதிய செய்தி இல்லை. அதை ஓராண்டாகவே அறிந்திருந்தேன். புதிய செய்தி வேறு. “வீட்டைக் காலி செய்துவிட்டோம் கயல். உன் பொருட்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றும் தொலையவில்லை” என்றார். ஒன்றும் தொலையவில்லை என்பதை இரண்டு முறை சொன்னார். “ஐயோ, என் புதையல் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டதா!” என்று நான் கேட்டேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிரவுதான் முதல்முறையாகக் குழாயைத் திறந்தேன்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றும் போனேன். கெட்டிக்காரி போகமாட்டாள். ஆனால் பகல் முழுவதும் சிரிக்கவைத்துவிட்டு இரவில் படுத்தால், தொண்டையில் விழுங்க முடியாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது. கடைசிக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக் குழாயைத் திருகினேன். ஒரு கொட்டாவி விட்டதுபோல் காற்று வந்தது. பிறகு இரண்டு சொட்டு. பிறகு அதுவும் இல்லை. குழாய் காலி. வார்டன் மேல்வால்வை மூடியிருக்க வேண்டும்.

அதற்குள் எனக்கு அழுகை தொடங்கியிருந்தது.

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்த நிசப்தத்தில் என் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது. வெளியே துவைக்கும் கல்லின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“கயல், வெளியே வா. இந்தப் போர்வையின் ஒரு முனையைப் பிடி.”

அமுதா அக்கா. கடைசி ஆண்டு. அதிகம் பேசாதவர்; நள்ளிரவில் துணி துவைக்கிறவர் என்பதால் நாங்கள் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவருக்கு முன்னால் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. முன்யோசனைக்காரர். நான் உடனே ஆரம்பித்தேன்: “அக்கா, நான் துப்பறிய வந்தேன். திருடி இந்தப் பக்கம்தான் ஓடினாள் என்று...”

“சரி. முனையைப் பிடி.”

அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. நனைந்த போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு நான்கடி தள்ளிப்போய் நின்றார். இருவரும் அவரவர் வலப்பக்கமாக முறுக்கினோம். போர்வை கயிறாகத் திரண்டது. நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி எங்கள் கால்களை நனைத்தது. இன்னும் முறுக்கினோம். கொட்டியது ஒழுகலாகி, ஒழுகல் சொட்டாகி, பிறகு போர்வை தானாகவே ஒரு வளையம் போட்டுச் சுருண்டது.

“நான்தான் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“யார் என்று இன்றைக்குத்தான் தெரியும். குளிக்கவில்லை என்பது முன்பே தெரியும். வாளி நிறைய நிறையத் தண்ணீரின் சத்தம் ஏறிக்கொண்டே போகும், கவனித்திருக்கிறாயா? கடைசியில் கீச்சென்று வரும். உள்ளே இருந்து வந்த சத்தம் அரைமணி நேரமும் ஒரே மாதிரி இருந்தது. வாளியே வைக்காமல் தரையில் விட்டிருக்கிறாய்.”

மூன்று வாரமாக நான் கட்டியிருந்த கோட்டையில் இப்படி ஓர் ஓட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன், வந்தது வேறு. ஓடிப்போகக் குளியலறைக் கதவைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இல்லை, ஓடி என்ன பயன்? துவைக்கும் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அமுதா அக்கா என் தோளைத் தொடவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. ஒரு காலுறையை எடுத்துச் சோப்புப் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “என்ன?” என்றார்.

“வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.”

“உன் அறை எது?”

இதை யாரும் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன், எப்போது, யார் பக்கம் தவறு என்ற கேள்விகளுக்கெல்லாம் நகைச்சுவையான பதில்கள் கைவசம் இருந்தன. இதற்கு இல்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த சிறிய அறை என்றேன். சுவர் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஜன்னல் கொக்கி நேராகத் திறக்காது. சற்றுத் தூக்கி, தன் பக்கம் இழுத்து, பிறகுதான் தள்ளவேண்டும். அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே கைவரும். அப்பா ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே திறப்பார். சொல்லும்போதே என் கை காற்றில் அந்தக் கொக்கியைத் தூக்கியது. தூக்கிய கையைக் கண்டதும் அழுகை உடைந்தது.

அதுவரை என் அழுகையை நானே சரியாகப் பார்த்ததில்லை. குழாய் அடியில் அழும்போது பாதிக் கவனம் கதவின்மேல் இருக்கும். யாராவது தட்டினால் சொல்லவேண்டிய பொய்யை மனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கும். இப்போது ஒத்திகை பார்க்க ஒன்றுமில்லை. நெஞ்சுக்கூட்டில் இருந்து கிளம்பித் தொண்டையை இறுக்கி, காது வரை சூடேறி வந்தது. இது நிற்கவே நிற்காது என்று பயந்தேன். பிறகு ஒரு நீண்ட மூச்சு தானாக வந்தது. இறுக்கம் தளர்ந்தது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் மறுபடியும் கிளம்பியது. இம்முறை கொஞ்சம் உயரம் குறைவு. நடுவில் கல்லின் குளிர்ச்சி தெரிந்தது. கொடியில் போர்வை சொட்டுவது கேட்டது. துக்கம் அப்படியேதான் இருந்தது, நானும் அங்கேயே இருந்தேன். அது என்னை எங்கும் அடித்துக்கொண்டு போகவில்லை.

“மன்னியுங்கள் அக்கா” என்றேன்.

“எதற்கு? எனக்கு இன்னும் மூன்று சட்டை இருக்கிறது.”

அவர் ஏன் இரவில் துவைக்கிறார் என்று கேட்டேன். “பகலில் துவைத்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்” என்றார். பிறகு சட்டையின் காலரை வெகுநேரம் தேய்த்தார். அந்தக் காலரில் அழுக்கு இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை; மூன்று சட்டையும் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே நான் வேறு பெண்ணாகிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மறுநாள் காலையில் தண்ணீர்த் திருடி நாடகத்தின் இரண்டாம் பகுதியை மெஸ்ஸில் நடத்தினேன். முதல் பகுதியைவிட நன்றாக வந்தது. எனக்குச் சிரிக்கவைக்கப் பிடிக்கும், அதை ஏன் விடவேண்டும்? ஆனால் அறைக்குத் திரும்பியபோது ரேவதி என் முகத்தை உற்றுப்பார்த்து, “கண் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது?” என்றாள். சோப்பு, தூசு, தூக்கமின்மை என்று மூன்று பதில்கள் வரிசையில் நின்றன.

“அழுதேன்” என்றேன்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், வாயைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். எனக்குத் தாகம் இல்லை என்றாலும் குடித்தேன். தேர்வுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள். பிறகு தன் கட்டிலில் விரித்திருந்த புத்தகங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம். நான் போய் உட்கார்ந்தேன். அவள் படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி சுற்றியது. நடுவில் இரண்டு முறை கண் நிறைந்து வடிந்தது. அவள் பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் வெளியேறும் படிவம் கொடுத்தார்கள். பெயர், அறை எண், கிளம்பும் தேதி எல்லாம் எளிது. ‘விடுமுறையில் தங்கும் முகவரி’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே முகவரி. அதில் இப்போது யார் இருக்கிறார்களோ, ஜன்னலைத் திறக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

பின்னால் வரிசை. முன்னால் வார்டன். தொண்டை இறுகத் தொடங்கியது. குளியலறை மூன்று மாடி மேலே. ஒரு நல்ல கிண்டலும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டையும் விட்டேன்.

“மேடம், எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.”

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். என் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்திருக்க வேண்டும். “அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுது” என்றவர், “அடுத்தது யார்?” என்று குரலை உயர்த்தினார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். பிறகு தங்கள் படிவங்களைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அது வந்து, தங்கி, தணிந்தது. மூக்கைச் சத்தமாகவே உறிஞ்சினேன். பிறகு கைப்பேசியில் இரண்டு செய்திகளைத் தேடியெடுத்து, அம்மாவின் முகவரியை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் அப்பாவுடையதை. ஒரு முகவரிக்கு விட்டிருந்த கோட்டில் இரண்டாவது கொள்ளவில்லை. ஓரத்தில் வளைந்து, மேலேறி, என் பெயருக்குப் பக்கத்தில் போய் முடிந்தது.

வார்டன் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. கோணலாய்ப் போன அந்த எழுத்தின்மேல் படாதபடி, காலியாக இருந்த ஒரு மூலையைத் தேடி முத்திரையைக் குத்தினார்.