ரீச்சருக்கு, ஏழு கிழமை பிந்திய பதில்

ரீச்சர்,

கம்பஸுக்கு வரும் உங்கள் பெறாமகளுக்குக் கொழும்பில் ஒரு அறை பார்க்கச் சொல்லி பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு இரவு நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு இன்று, மார்ச் 30 ஆம் திகதி, பதில் எழுதுகிறேன். ஏழு கிழமை பிந்திவிட்டது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவே அதை முழுக்க வாசித்தேன். புளூ டிக் விழுந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். நல்ல அறை ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரேயடியாக எழுதலாம் என்று முதலில் தள்ளினேன், அப்புறம் நாள் போகப் போக எந்த முகத்தோடு எழுதுவது என்று தள்ளினேன். 20 ஆம் திகதி நீங்கள் "பிள்ளைக்கு வேலை கூடவாக்கும், ஆறுதலாப் பாருங்கோ" என்று இன்னொன்று அனுப்பினீர்கள். அதற்கும் நான் ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை, வேலையும் வழமைபோலத்தான் இருந்தது. என் பிழை, அவ்வளவுதான்.

நேற்று மயூரபதி அம்மன் கோயிலில் எங்கள் பட்சில் படித்த ஒருத்தியைக் கண்டேன். அவள்தான் சொன்னாள், உங்கள் பெறாமகள் வந்து இரண்டு கிழமையாகிறது, வத்தளையில் தெரிந்தவர்கள் வீட்டில் நிற்கிறாள், எட்டு மணி விரிவுரைக்கு விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட்டு, களனிப் பாலத்தடி நெரிசலுக்குள்ளால் புறக்கோட்டைக்கு வந்து, அங்கே 138 பஸ் பிடித்துக் கம்பஸுக்குப் போகிறாள் என்று. பின்னேரம் திரும்பவும் அதே பாடு. கொழும்பே தெரியாத பிள்ளை, சிங்களமும் இன்னும் பிடிபடாத பிள்ளை. அதைக் கேட்டபிறகு கோயிலுக்குள்ளே நிற்க முடியவில்லை ரீச்சர். நான் இருப்பது வெள்ளவத்தையில். ஏழு கிழமையாக இங்கேயேதான் இருந்தேன்.

இதில் நான் செய்த பெரிய பிழை எதுவென்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். அறை தேடாமல் விட்டதைவிட, உங்களை என்னை நம்பிக் காத்திருக்க வைத்ததுதான் பெரிது. "ஏலாது ரீச்சர்" என்று அன்றிரவே ஒரு வரி போட்டிருந்தால் அடுத்த நாளே நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டிருப்பீர்கள், கொழும்பில் உங்களிடம் படித்தவர்களுக்கா குறைவு. "பார்க்கிறேன், ஒரு கிழமை தாங்கோ" என்றாலும் போதும். நான் வாயைத் திறக்காததால், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து இன்னொருவரிடம் கேட்காமல் இருந்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கும் "வெள்ளவத்தையில என்ர பிள்ளை ஒன்று இருக்கு, அவள் பார்ப்பாள்" என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் அப்படிச் சொல்பவர் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னைப் பற்றியும் ஒரு காலத்தில் ஒருவரிடம் அப்படித்தான் சொன்னீர்கள்.

2008 இல் எனக்குக் கம்பஸ் கிடைத்தபோது ஏ9 பாதை பூட்டி இரண்டு வருஷம். காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் திருகோணமலைக்கு வந்து அங்கிருந்து கொழும்புக்கு வரவேண்டும், அதற்கும் கிளியரன்ஸ் எடுக்க வேண்டும். வந்து சேர்ந்தாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு யார் அறை தருவார்கள், பொலிஸ் பதிவுக்கு யார் தங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுப்பார்கள் என்று அப்பா நித்திரையில்லாமல் இருந்தார். நான் வியாழக்கிழமை பின்னேரம் ரியூஷன் முடிய உங்களிடம் சொன்னேன், கேட்கக்கூட இல்லை, சும்மா சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் ஊரடங்கு எடுத்த கையோடு நீங்கள் சைக்கிளில் போய்க் கொமினிக்கேஷனில் வரிசையில் நின்று வெள்ளவத்தையில் இருந்த உங்கள் சிநேகிதிக்கு ஃபோன் எடுத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை வகுப்பில் கெமிஸ்ட்ரி கொப்பியைத் திருப்பித் தரும்போது உள்ளே ஒரு துண்டு இருந்தது, ஒரு விலாசம், அதற்குக் கீழே "அன்ரி பொலிசுக்கும் வருவா, பயப்பிடாதை" என்று. அந்த அன்ரி சொன்னபடியே என்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து, பதிவு முடியும்வரை பக்கத்தில் இருந்தா. அந்த வீட்டில் நான்கு வருஷம் இருந்தேன்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனால் நான் மறக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும், ஏனென்றால் இந்த ஏழு கிழமையும் நான் மறந்துபோனவள்போலத்தான் நடந்திருக்கிறேன்.

சரி, இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். நேற்றுப் பின்னேரமும் இன்று காலையும் நான்கு இடம் பார்த்தேன். இரண்டை விட்டுவிடலாம், ஒன்றில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை, மற்றதில் அறைக்கு ஜன்னலே இல்லை, நான் என் பிள்ளையை அங்கே விடமாட்டேன். ஹம்டன் லேனில் ஒன்று பரவாயில்லை, தனி அறை, மாதம் 25,000 ரூபா, ஆனால் சமைக்க விடமாட்டார்கள், மூன்று நேரமும் கடையில் சாப்பிட்டால் காசும் போகும் வயிறும் கெடும்.

எனக்குப் பிடித்தது ருத்ரா மாவத்தையில் பார்த்த வீடுதான். பென்சன் எடுத்த அம்மா ஒருவர் கீழே இருக்கிறார், மேலே மூன்று அறை, எல்லாம் படிக்கிற பிள்ளைகள். ஒரு அறையில் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி தனியாக இருக்கிறாள், அவளோடு பங்குக்கு ஒரு கட்டில் இருக்கிறது. மாதம் 16,000, கரண்டும் தண்ணியும் அதற்குள். மூன்று மாத முற்பணம் கேட்டார், நான் கதைத்ததில் இரண்டு மாதத்துக்குச் சரி என்றார். மேலேயே சின்னக் குசினி ஒன்று இருக்கிறது, சோறும் ஒரு கறியும் வைத்துக்கொள்ளலாம், மச்சம் சமைத்தாலும் பிரச்சினையில்லை. இரவு எட்டரைக்குக் கேற் பூட்டுவார், நூலகத்தில் நின்று பிந்தினால் முதலே ஃபோனில் சொன்னால் போதுமாம். தண்ணி வருகிறதா, கதவுப் பூட்டு உள்ளுக்குள்ளால் சரியாக விழுகிறதா என்றெல்லாம் நானே பார்த்தேன். அந்த மட்டக்களப்புப் பிள்ளையிடம் தனியாகவும் கதைத்தேன், "அம்மா கொஞ்சம் கண்டிப்பு, ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவா" என்றாள். வியாழக்கிழமை வரைக்கும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அங்கிருந்து காலி வீதிக்கு நடை தூரம். 155 பஸ் பம்பலப்பிட்டியால் திரும்பிக் கம்பஸடிக்கே போகும். பஸ் நிறைந்து வந்தால் காலி வீதியில் எந்தப் பஸ்ஸிலும் ஏறிப் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தையால் தும்முல்லைப் பக்கம் நடக்கலாம். விஞ்ஞான பீடம் அந்தப் பக்கம்தான். முதல் நாள் நான் கூடப் போய் வழி காட்டுவேன்.

விடுதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அறை கிடைத்தாலும் விண்ணப்பத்தைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். தூரத்தையும் வீட்டு வருமானத்தையும் பார்ப்பார்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்தத் தூரம் உதவும். புல்லர்ஸ் லேன் விடுதி கிடைத்தால் நடந்தே போய்வரலாம், செலவும் குறைவு. விண்ணப்பத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் கேட்டால் அதை அங்கேயே எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு அதற்கென்று ஒரு பயணம் வரவேண்டாம்.

அப்புறம், "கொஞ்ச நாள் உன்னோடு நிக்கலாமோ" என்று கேட்டிருந்தீர்கள். நிற்கலாம் ரீச்சர். நாளைக்கே வரலாம். முன்னறையை இன்று துப்புரவாக்கிவிட்டேன், மேசையும் ஃபேனும் இருக்கிறது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மே நடுவில் மாமி சிகிச்சைக்காக வந்து எங்களோடு தங்கப்போகிறா, அதற்குப் பிறகு அந்த அறையைக் கொடுக்க ஏலாது. அதுவரைக்கும் அது உங்கள் பெறாமகளுடைய அறை, வாடகை என்ற கதையே வேண்டாம். சித்திரை வருஷத்துக்கு ஊருக்கு வருவாளென்றால், அதுவரை என்னோடு நிற்கலாம், திரும்பி வரும்போது ருத்ரா மாவத்தைக்கே சாமானோடு வந்து இறங்கலாம். இரவு பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் நானும் இவரும் வெள்ளவத்தையில் வந்து நிற்போம்.

வத்தளையில் இப்போது அவளுக்குப் பழகிவிட்டது, அவர்கள் மனம் நோகும், மாற வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். இரண்டு கிழமை வைத்துச் சாப்பாடு போட்டவர்கள் அவர்கள். நான் பிந்தி வந்துவிட்டு என் விருப்பத்துக்கு ஆட்ட நினைக்கவில்லை. அவளுடைய நம்பரை வகுப்புக்காரி தந்தாள், ஆனால் உங்களிடம் கேட்காமல் அவளுக்கு எடுக்க மனமில்லை. நீங்கள் சொன்ன பிறகு எடுக்கிறேன். முற்பணத்தை நான் கட்டிவிடுகிறேன், ஆறுதலாகத் தரலாம், மகாபொல உதவிப்பணம் கைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தாலும் சரி.

என்மேல் கோபம் இருந்தால், அது நியாயமான கோபம், "பரவாயில்லை பிள்ளை" என்று உடனே எழுத வேண்டாம். இதற்குப் பதில் போடாவிட்டாலும் வியாழன் வரை அந்தக் கட்டில் இருக்கும், முன்னறை அதற்குப் பிறகும் இருக்கும்.

நாளை இரவு ஏழு மணிக்கு, நீங்கள் கோயிலால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், ஃபோன் எடுக்கிறேன். கதைக்க விருப்பமில்லையென்றால் எடுக்காமல் விடுங்கள், செவ்வாய் அதே நேரத்துக்குத் திரும்ப எடுப்பேன். சாரின் கண் ஒப்பரேஷன் முடிந்து எப்படி இருக்கிறார் என்றும் கேட்க இருக்கிறது, அதையும் இவ்வளவு நாள் கேட்காமல் இருந்துவிட்டேன்.

உங்கள் மாணவி,
வெள்ளவத்தையிலிருந்து