வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ய அனுமதி கோரியும், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கோரியும் மனு

ஸ்ரீவைகுண்டம்
18.11.2024

அனுப்புநர்
செ. முத்துலட்சுமி,
காலஞ்சென்ற திரு. சு. செல்வராஜ் அவர்களின் மனைவி மற்றும் சட்டப்படியான வாரிசு,
ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
முதன்மை வருமான வரி ஆணையர் அவர்கள், மதுரை.
வழி: வருமான வரி அலுவலர் அவர்கள், தூத்துக்குடி.

பொருள்: 2023-24 மதிப்பீட்டு ஆண்டு – என் கணவர் சு. செல்வராஜ் அவர்களின் வருமான வரிக் கணக்கு – வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 119(2)(பி)-இன் கீழ் தாமதத்தை மன்னித்து ரீஃபண்டுக்கான ரிட்டர்னை ஏற்கவும், பிரிவு 234எஃப் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் செல்வராஜ், சாலை மற்றும் வாய்க்கால் கரை வேலைகளைத் துணை ஒப்பந்தமாக எடுத்துச் செய்துவந்தார். பிரிவு 44ஏடி-இன் கீழ் வருடந்தோறும் ஜூலை மாதத்திலேயே கணக்கைத் தாக்கல் செய்துவிடுவார். 2022-23 நிதியாண்டு முழுவதும் அவரே வேலை பார்த்தார். 2023 ஏப்ரலில் சிறுநீரகக் கோளாறு என்று திருநெல்வேலியில் சேர்த்தோம். ஜூன் 11 அன்று காலமானார். அவருக்கு வயது 52.

ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதி 2023 ஜூலை 31. அன்றைக்கு அவர் பெயரில் கணக்கைத் தாக்கல் செய்ய எனக்குச் சட்டப்படி வழியில்லை. இறந்தவரின் கணக்கை வாரிசு தாக்கல் செய்ய, இ-ஃபைலிங் தளத்தில் வாரிசாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் பதிவு செய்வதற்கு வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டது. என் மாமியாரும் ஒரு வாரிசு என்பதால் அவருடைய ஆவணங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் அக்டோபர் 27 அன்று கிடைத்தது. உடனே பதிவுக்கு விண்ணப்பித்து, டிசம்பர் முதல் வாரத்தில் ஒப்புதலும் வந்துவிட்டது. தாமதமான ரிட்டர்னுக்குப் பிரிவு 139(4) தரும் கடைசி நாளான டிசம்பர் 31-க்கு அப்போது மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. எங்கள் ஆடிட்டர் கணக்கை முடித்து, டிசம்பர் 18 திங்கட்கிழமை என்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ரசீதுகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, என் ஆதார் எண்ணுக்கு வரும் ஓடிபி-யைப் போட்டால் வேலை முடிந்திருக்கும்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையைத் தாங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனில்தான் பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி வெள்ளம் எங்கள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. இருட்டில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து மாடி வீட்டுக்கு ஏற்றிவிடத்தான் எனக்கு நேரம் இருந்தது.

கணவரின் தொழில் ஆவணங்கள் எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது ஃபைல்கள் சேற்றோடு ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. சிமெண்ட், ஜல்லி பில்களில் எழுத்தே இல்லை. வேலை அளவுகளை அவர் கைப்பட எழுதிவைத்த நோட்டுகளைப் பிள்ளைகள் வெயிலில் விரித்துப் போட்டார்கள். மை பரவி, ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. அவற்றின் படங்களை இணைத்துள்ளேன். ஓடிபி வர வேண்டிய என் போனும் தண்ணீரில் போய்விட்டது. புது சிம் கார்டு ஜனவரியில்தான் கைக்கு வந்தது. ஆடிட்டர் அலுவலகத்தின் தரைத்தளத்திலும் வெள்ளம் புகுந்து கணினிகள் பழுதாகின. இதற்கு அவர் கையெழுத்திட்ட கடிதம் இணைப்பில் உள்ளது.

இந்த வெள்ளத்தைக் கருத்தில் கொண்டுதான் தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு 2022-23 ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கின் கடைசித் தேதி 2024 ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. வருமான வரியில் டிசம்பர் 31 அப்படியே நின்றது. அதன் பிறகு தளம் எங்கள் ரிட்டர்னை ஏற்கவில்லை. பிரிவு 139(8ஏ)-இன்படி புதுப்பித்த கணக்கு போடலாமே என்று கேட்டுப் பார்த்தோம். ரீஃபண்ட் கோருவதற்கு அந்தப் பிரிவு இடம் தரவில்லை. தங்களிடம் வருவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கு விவரம், எல்ஐசி பிரீமியம் சான்று, ஒப்பந்ததாரர்களிடமிருந்து 16ஏ படிவங்கள் என்று ஒவ்வொன்றாக மறுபடி வாங்கினேன். வீட்டுச் சுவர் வேலையும் மூத்த மகனின் கல்லூரிச் சேர்க்கையும் அதே மாதங்களில் வந்தன. இடையில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு, அதாவது அவர் உயிரோடு இருந்த ஏப்ரல், மே, ஜூன் நாட்களுக்கான கணக்கை வாரிசு என்ற முறையில் 2024 ஜூலை 31-க்குள்ளேயே தாக்கல் செய்துவிட்டேன். வழி திறந்திருந்த இடத்தில் நான் ஒருநாளும் தாமதிக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கணக்கு விவரம் இது. அந்த ஆண்டின் மொத்த வரவு ரூ.62,40,000, எல்லாமே வங்கி வழியாக வந்தது. அதில் 9 சதவீதமாகிய ரூ.5,61,600 லாபமாகக் காட்டப்பட்டுள்ளது. சட்டம் கேட்பதைவிட இது அதிகம். அவர் எப்போதும் அப்படித்தான் காட்டுவார். எல்ஐசி பிரீமியம் ரூ.38,000 கழித்தால் மொத்த வருமானம் ரூ.5,23,600. இதற்கு வரி, செஸ் சேர்த்து ரூ.17,910. பிரிவு 194சி-இன் கீழ் ஏற்கெனவே பிடிக்கப்பட்ட வரி ரூ.62,400. ஆக ரூ.44,490 திரும்ப வர வேண்டும். அரசுக்குச் சேர வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட நிலுவையில் இல்லை. பிடித்த தொகை முழுவதும் தங்கள் துறையின் 26ஏஎஸ் பதிவில் உள்ளது. என் வீட்டுக் காகிதங்கள் அழிந்தாலும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் பதிவுகளை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 01.10.2024 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி, ரூ.1 கோடி வரையிலான ரீஃபண்ட் கோரிக்கைகளில் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தங்களுக்கு உள்ளது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற நிபந்தனைக்குள் இந்த மனு வருகிறது. இந்த வருமானம் வேறு யார் பெயரிலும் வரிக்கு உட்பட்டதல்ல. தாமதமான ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது என்பதையும் அறிவேன், வட்டி கேட்கவில்லை.

எனவே, 2023-24 ஆண்டுக்கான ரிட்டர்னை நான் வாரிசாகத் தாக்கல் செய்ய அனுமதித்து, ரூ.44,490-ஐ என் வங்கிக் கணக்கில் வரவு வைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வருமானம் ரூ.5 லட்சத்துக்கு மேல் என்பதால் ரூ.5,000 தாமதக் கட்டணம் கணக்கில் சேரும். அதைத் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன். அது தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதென்றால், வாரியத்துக்குப் பரிந்துரைத்து உதவுங்கள். இந்தத் தாமதத்துக்காக வேறு அபராத நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மரணமும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்த ஒரு குடும்பத்தின் நிலை, சட்டம் சொல்லும் 'உண்மையான இடர்ப்பாடு' என்பதற்குள் அடங்கும் என்று நம்புகிறேன். ரூ.5,000 எங்களுக்கு இளைய மகளின் ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணம்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எங்கள் இருவரின் பான் அட்டை நகல்கள், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, வெள்ளச் சேதப் படங்கள், கிராம நிர்வாக அலுவலர் சான்று, ஆடிட்டர் கடிதம், 16ஏ மற்றும் 26ஏஎஸ் படிவங்கள், வருமானக் கணக்கீடு, எனது வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. நேரில் விசாரிக்க விரும்பினால், எந்த நாளில் அழைத்தாலும் அசல் ஆவணங்களோடு வருகிறேன்.

இந்த மனுவில் சொன்னவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. முத்துலட்சுமி