திர்ஹாம் – ரூபாய் மாற்றுத் தாள்

இந்தத் தாளில் விகிதம்: 1 திர்ஹாம் = 23.50 ரூபாய். அனுப்பும் நாளில் பணம் அனுப்பும் கடை தரும் விகிதத்தை எழுதுங்கள்; இணையத்தில் தெரியும் விகிதம் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஊருக்கு: கையில் 1,200 திர்ஹாம், கட்டணம் 20. முதலில் கட்டணத்தைக் கழியுங்கள்.
1,180 × 23.50 = 27,730 ரூபாய்
சரியா? 1,180 × 20 = 23,600; 1,180 × 25 = 29,500. விடை இடையில் விழுகிறது, சரி.

ஊரிலிருந்து கேட்பது: பள்ளிக் கட்டணம் 47,000 ரூபாய். அதற்கு எத்தனை திர்ஹாம் வேண்டும்?
47,000 ÷ 23.50 = 2,000 திர்ஹாம்
பெருக்கிவிட்டால் 11,04,500 வரும். திர்ஹாம் எண் ரூபாய் எண்ணைவிடப் பெரிதாக வந்தாலே கணக்கு தலைகீழ்.

தலைகீழ் விகிதம்: 1 ரூபாய் = 0.04255 திர்ஹாம். அதை 0.04 எனச் சுருக்காதீர்கள்: 47,000 × 0.04 = 1,880. பள்ளிக் கட்டணத்தில் 120 திர்ஹாம் குறையும்.