ஒத்தக்கடை வகுப்பறை: பின்னணிப் படத்துக்கான முழு பிராம்ப்ட்

ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடக் காணொளிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அறைதான் பின்னணி. பிள்ளைகளையும் டீச்சரையும் தனியாக வரைந்து பிறகு இதன் மேல் வைக்கப் போகிறோம். அதனால் அறையில் ஆள் யாரும் இருக்கக் கூடாது. எந்த இடத்தில் யாரை நிறுத்தினாலும் வெளிச்சம் ஒட்ட வேண்டும். எந்த டெஸ்க்கில் யாரை உட்கார வைத்தாலும் அளவு ஒட்ட வேண்டும். கீழே எழுதியிருக்கும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

அறை

மதுரை மேலூர் சாலையில் ஒத்தக்கடைப் பக்கம் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி வகுப்பறை. டிசம்பர் மாதம், காலை 10 மணி. அறை 20 அடி அகலம், 24 அடி நீளம், 10 அடி உயரம். கரும்பலகை கிழக்குச் சுவரில். பிள்ளைகள் கிழக்கு பார்த்து உட்காருவார்கள். அவர்களுக்கு இடப்பக்கம் வடக்குச் சுவர். அதில் மூன்று பெரிய ஜன்னல்கள். வலப்பக்கம் தெற்குச் சுவர்; அதில் ஒரு கதவு, இரண்டு ஜன்னல், அதற்கு வெளியே 7 அடி அகல வராண்டா. மேற்குச் சுவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது, அதில் ஜன்னல் கிடையாது.

திசையை மாற்ற வேண்டாம். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால்தான் சொந்தக் கை நிழல் நோட்டில் விழாது. பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள் ஜன்னலை அந்தப் பக்கம் வைப்பதற்கு அது ஒரு காரணம். நமக்கு அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வெளிச்சம் பற்றிய பகுதியில் வரும்.

கேமராவும் கோடுகளும்

கேமரா அறையின் பின்சுவரை ஒட்டி, நடு வரிசைக்கும் வலது வரிசைக்கும் இடையில் உள்ள நடைபாதையில் நிற்கிறது. உயரம் நாலரை அடி. பின்னால் எழுந்து நிற்கும் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரம். நேராகக் கிழக்குச் சுவரைப் பார்க்கிறது. மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ துளிகூடச் சாயவில்லை. 28 மி.மீ. லென்ஸ் பார்வை, படம் 16:9, எல்லா ஆழமும் கூர்மையாக. பின்னால் மங்கலடிக்கும் வேலை வேண்டாம்.

தூரம் போகும் கோடுகள் எல்லாம் சேருவதற்கு ஒரே ஒரு மறைபுள்ளி. கேமராவைத் திருப்பாமல், படச்சட்டத்தை மட்டும் இடப்பக்கம் தள்ளி எடுப்பதால் அது படத்தின் நடுவில் இல்லை. இடமிருந்து அளந்தால் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, கரும்பலகையின் வலது ஓரத்துக்குச் சற்று உள்ளே. நடுவில் வைத்தால் அறை பரேடு மைதானம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். இப்படித் தள்ளி வைத்தால் இடப்பக்க ஜன்னல் சுவர் அகலமாகத் திறக்கும், எழுத்து போட வலப்பக்கமும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

மறைபுள்ளிக்குப் போக வேண்டிய கோடுகள்: டெஸ்க்குகளின் பக்க விளிம்புகள், தரைக் கட்டங்களின் நீளவாக்குக் கோடுகள், ஜன்னல் அடிச்சட்டம், ஜன்னலின் கிடைக் கம்பிகள், பக்கச் சுவர்களின் பெயின்ட் கோடு, சுவரும் கூரையும் சேரும் விளிம்பு, வலது சுவரில் நீளவாக்கில் மாட்டிய டியூப் லைட். கிழக்குச் சுவருக்கு இணையாக ஓடுபவை எல்லாம் படத்தில் தட்டையாக, கிடையாகவே இருக்க வேண்டும்: டெஸ்க்கின் முன்விளிம்பு, கூரையின் குறுக்கு பீம் இரண்டு, கரும்பலகையின் மேல் கீழ் ஓரம். செங்குத்தானவை செங்குத்தாகவே நிற்கட்டும். கதவு நிலை, ஜன்னல் நிலை, ஃபேன் தொங்கும் ராடு, எதுவும் மேலே போகப் போக உள்ளே சாயக் கூடாது. கேமரா சாய்ந்தால்தான் அந்தச் சாய்வு வரும்.

சுவரின் கீழ்ப்பகுதிக்கு அடிக்கும் அடர் பெயின்ட் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை மட்டும். இதை நாலரை அடிக்கு ஏற்றிவிட்டால் கண்மட்டத்தோடு ஒன்றி, பக்கச் சுவரில் அந்தக் கோடு சாயவே சாயாது; படம் ஆழம் இழந்து தட்டையாகிவிடும். 3 அடியில் இருந்தால் தூரம் போகப் போக ஏறி, கண்ணை மறைபுள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஜன்னல் அடிச்சட்டமும் அதே 3 அடிதான். பெயின்ட் கோடு அப்படியே சட்டத்தில் சேர்ந்து ஒரே கோடாகப் போகட்டும்.

டெஸ்க், பெஞ்சு

மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து டெஸ்க். ஒரு டெஸ்க் 4 அடி அகலம், இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் அதே அகலத்தில் சாய்மானம் இல்லாத பெஞ்சு. சுவருக்கும் டெஸ்க்குக்கும் 2 அடி, வரிசைகளுக்கு இடையே 2 அடி. கூட்டினால் 20 சரியாக வரும். முதல் டெஸ்க்குக்கும் கரும்பலகைக்கும் இடையே 6 அடி காலி. டீச்சர் நடமாடும் இடம் அது, அதை அடைக்க வேண்டாம்.

தேக்கு நிற மரப்பலகை, சாம்பல் நிற இரும்புக் கால்கள். டெஸ்க் ஒன்றுக்கு நாலு கால். ஐந்தாவது கால் முளைத்தால் அந்தப் படம் வேண்டாம். மேல்பலகை சரிவில்லாமல் தட்டையாக இருக்கும், சரிந்தால் அதன் பக்க விளிம்புகள் மறைபுள்ளிக்குப் போகாது; கரும்பலகைப் பக்க விளிம்பில் பேனா வைக்க ஒரு பள்ளம். படத்தில் மிக அருகே தெரியும் டெஸ்க்கில் மட்டும் நெருக்கமாகப் பார்க்க விஷயம் இருக்கட்டும்: காம்பஸ் முனையால் குத்திக் குத்திச் செய்த ஒரு குழி, அதில் அடைந்த நீல மை, பலகை ஓரத்தில் பல கைகள் பட்டுப் பட்டு ஏறிய மினுக்கு. பின்னால் போகப் போக இந்த நுணுக்கம் குறையட்டும். எல்லா டெஸ்க்கும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டாம், ஒன்றிரண்டின் பலகை சற்று வெளுத்திருக்கலாம். ஆனால் வரிசை நேராக இருக்க வேண்டும். காலையில் பெருக்கி, நேராக்கி வைத்துவிட்டுப் போன வகுப்பு இது. பிரேயர் முடிந்து பிள்ளைகள் இன்னும் உள்ளே வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம்

அறை முழுக்க ஒரே சீரான பகல் வெளிச்சம். தரையில் வெயில் கட்டம் விழக் கூடாது, தூசி பறக்கும் ஒளிக்கற்றையும் கூடாது. ஆனால் சீரான வெளிச்சம் என்றால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத மொட்டை வெளிச்சம் இல்லை. இரண்டு வழியாக வருகிறது.

ஒன்று, வடக்கு ஜன்னல். டிசம்பரில் சூரியன் மதுரைக்கு நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். உச்சியிலும் 59 டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் வடக்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும். (ஜூன் மாதம் என்று மாற்றிவிட வேண்டாம். அப்போது சூரியன் வடக்கே வந்துவிடும், இந்தக் கணக்கெல்லாம் கெட்டுவிடும்.) இரண்டு, தெற்கு வராண்டா. வெயில் வராண்டாத் தரையில் விழுந்து, அங்கிருந்து தெறித்து, வலது ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் அறையின் கூரைக்கு ஏறுகிறது. வராண்டாக் கூரை மறைப்பதால் நேர் வெயில் உள்ளே எட்டாது. இந்த எதிரொளிதான் வலது வரிசை இருட்டாகாமல் காப்பாற்றுகிறது.

இடது வரிசை கொஞ்சம் பிரகாசம், வலது வரிசை அதைவிட ஒரு மாற்று குறைவு. அதற்கு மேல் வித்தியாசம் வேண்டாம். டெஸ்க் நிழல்கள் மெத்தென்று, ஓரம் கலைந்து, வலப்பக்கம் சற்றே சாய்ந்து. கால்கள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் நிழல் கொஞ்சம் அடர்ந்திருக்கட்டும். அது இல்லாவிட்டால் டெஸ்க்குகள் மிதக்கும். வெள்ளையடித்த கூரை வெள்ளையாகவே தெரிய வேண்டும், மஞ்சளும் நீலமும் ஏறாமல். டியூப் லைட் அணைந்திருக்கிறது. இரண்டு ஃபேன், மூன்று இறக்கை, சுழலவில்லை.

சுவர், தரை, ஜன்னலுக்கு வெளியே

சுவரின் மேல்பகுதி வெளிர் சந்தன நிறம், கீழே 3 அடி மங்கிய பச்சை. தரை சிமென்ட், 2 அடிக் கட்டங்களாகக் கோடு போட்டது, நடைபாதையில் மட்டும் தேய்ந்து வழவழத்திருக்கிறது. கரும்பலகை சுவரிலேயே பூசியது, 8 அடி அகலம், பெயின்ட் கோட்டுக்கு ஒரு சாண் மேலே தொடங்கும். துடைத்த சாக்பீஸ் தடம் தெரியலாம், எழுத்து தெரியக் கூடாது. பலகைக்குக் கீழே ஒரு குறுகிய மரச்சட்டம், அதில் டஸ்டர், இரண்டு துண்டு சாக்பீஸ். முன்னால் இடது மூலையில் டீச்சர் மேஜை, நாற்காலி. வலது மூலையில் சாம்பல் நிற இரும்பு பீரோ. வேறு சாமான் வேண்டாம். பூகோள உருண்டை, புத்தக அடுக்கு, ஆப்பிள் எதுவும் வேண்டாம்.

ஜன்னல் கதவுகள் பச்சை மரம், வெளிப்பக்கம் திறந்து மடிந்திருக்கின்றன. குறுக்கே கிடைக் கம்பிகள். வெளியே பள்ளி மைதானத்தில் ஒரு வேப்ப மரம், அதற்குப் பின்னால் யானைமலையின் ஒரு பகுதி: மரமில்லாத, வழுவழுப்பான, வெளிர் சாம்பல் பாறை முதுகு. தெற்கு வெயில் நேராகப் படுவதால் பாறை பளிச்சென்று தெரியும். பெயரைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தும்பிக்கையோடு யானையை நிறுத்திவிடக் கூடாது. மலை அறையைவிட வெளிச்சமாக இருக்கலாம், ஆனால் வெளுத்து வெள்ளையாகிவிடக் கூடாது.

வேண்டாதவை

மனிதர்கள், பைகள், செருப்புகள். எந்த மொழியிலும் எழுத்து. தமிழ் எழுத்து என்று கேட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக ஏதோ ஒன்று வந்து நிற்கும். எழுத்தை நாம் பிறகு சேர்த்துக்கொள்வோம். கொடி, தலைவர் படம், கடிகாரம். மீன்கண் வளைவு, சாய்ந்த கேமரா, இரண்டாவது மறைபுள்ளி. பொன்னிற மாலை வெளிச்சம், லென்ஸ் ஒளிச்சிதறல், சினிமா நிறம், புகைமூட்டம். தனித்தனிப் பிளாஸ்டிக் நாற்காலி. இடிந்த சுவர், ஒழுகல் கறை. அரசுப் பள்ளி என்றதும் இதைத்தான் கொண்டுவருவார்கள், இங்கே தேவையில்லை. பளபளக்கும் மார்பிள் தரையும் தேவையில்லை.

படம் வந்ததும்

முதலில் டெஸ்க்கை எண்ணவும், பதினைந்துக்கு மேல் கூடாது; கேமராவை ஒட்டிய சில டெஸ்க்குகள் படத்துக்கு வெளியே போகலாம். அப்புறம் நான்கு கோடுகளை நீட்டிப் பார்க்கவும்: இடது ஜன்னல் அடிச்சட்டம், இடது வரிசை டெஸ்க்குகளின் பக்க விளிம்பு, நடைபாதையின் தரைக் கோடு, வலது சுவர் டியூப் லைட். நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வைத்துக்கொள்ளலாம். டியூப் லைட் மட்டும் விலகினால் அதைத் தனியாகத் திருத்தினால் போதும். டெஸ்க் வரிசை விலகினால் திருத்த உட்கார வேண்டாம், அந்தப் படத்தை விட்டுவிட்டு மறுபடி எடுப்பதே சீக்கிரம் முடியும்.

நல்ல படம் கிடைத்தபின் அதையே அடிப்படையாக வைத்து மழைநாள் வடிவம் ஒன்றும் வேண்டும். கேமரா, டெஸ்க், கோடுகள் அசையக் கூடாது. நவம்பர் மாத வடகிழக்குப் பருவமழை. வானம் சாம்பல், மலை பாதி மறைந்து, வேப்ப மரம் நனைந்து கறுத்து, வடக்கு ஜன்னல் கதவுகளில் முதல் இரண்டு சாத்தி, டியூப் லைட் எரிகிறது. கதவோரத் தரையில் மட்டும் ஈரக் கால்தடம்.