பொறுப்பு ஒப்படைப்பு: வியாழன் காலை 9.30, கந்தோரில்

வணக்கம் தங்கச்சி,

ஓகஸ்ட் 30ஓடு நான் வேலையை விட்டுப் போகிறேன், அதற்கு முதல் வருகிற வியாழன் காலை 9.30க்கு நம்மட மட்டக்களப்புக் கந்தோரில் இருந்து எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்ப்போம். மத்தியானம் வரை வேறு வேலை வைக்காதீங்க.

முதலில் சுழற்சிக் கடன். வவுணதீவு, கிரான் மாதர் குழுக்களின் கடன் லெட்ஜர், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், வங்கிப் பாஸ் புத்தகம் மூன்றையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும், இதற்குத்தான் நேரம் போகும். கிரான் பக்கம் சிலர் வேளாண்மை வெட்டின பிறகுதான் கட்டுவார்கள். லெட்ஜரில் அது நிலுவையாகத் தெரியும், ஆனால் ஏமாற்றுகிற சனம் இல்லை, அவர்களை நெருக்காதீங்க. மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் படகில்தான் போக வேண்டி வரும், அதனால் சிறுபோகம் வெட்டின கையோடு அந்தப் பக்கத்து வசூலை முடிக்கிற விதத்தையும் சொல்லித் தருகிறேன்.

அப்புறம் பிரதேச செயலகக் கடிதக் கோப்பு, சொத்துப் பதிவேடு, மோட்டார் சைக்கிள் ஓட்டப் பதிவு, அலுமாரித் திறப்பு. இவை சுருக்கமாக முடியும், எண்ணிப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்து வைப்போம்.

வங்கியில் கையொப்பம் மாற்ற வேண்டும், அடையாள அட்டையும் பிரதி ஒன்றும் கொண்டு வாங்க. லெட்ஜரை இன்றைக்கே உங்கட மேசையில் வைக்கிறேன், விளங்காத இடத்தில் பென்சிலால் குறித்து வையுங்க. வியாழன் சரிவராவிட்டால் நாளைக்குள் சொல்லுங்க.

அக்கா